லாபம் இருக்கிறது, காசு எங்கே?
கோலா கங்சாரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த ரப்பர் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அதன் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 22, மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பதை அன்றைய பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வளாகத்தில், இதே கோலா கங்சாரில் நட்டார்கள். அந்த ஒன்பதில் எஞ்சியது என்று காட்டப்படும் மரம் அரசு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது.

கணக்காளனாக அந்த மரத்தடியில் நிற்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கன்று நட்டால் பால் வெட்ட ஐந்திலிருந்து ஏழு ஆண்டு ஆகும். காட்டை அழிக்கக் கூலி, களை பிடுங்கக் கூலி, கங்காணிக்குச் சம்பளம், கிராணிக்குச் சம்பளம் என்று அத்தனை ஆண்டும் காசு போய்க்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுப் பால் வராது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது செலவாகவே தெரியாது, தோட்டத்தின் மதிப்பாக ஏறிக்கொண்டிருக்கும். புத்தகத்தைப் பார்ப்பவர் தோட்டம் வளர்கிறது என்பார். பெட்டியைத் திறப்பவர் காலியாகிறது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்கத்தான் பணப்பாய்வு அறிக்கை என்ற ஒன்று வந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஈப்போவில் தணிக்கை அலுவலகம் நடத்திய காலத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி என் காதில் விழும். கணக்கு முடித்து வரித் தொகையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். "அண்ணே, லாபம்னு எழுதியிருக்கீங்க. சரி. அந்தக் காசு எங்கே? எங்கிட்ட இல்லையே!" என்பார். நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தவர்கள் உண்டு. வீட்டில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஒருவர் தன் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். தம்பி கை வைக்கவே இல்லை. காசு எங்கே போனது என்று தாளில் காட்ட அந்த நாளில் எனக்கு நேரம் இருக்கவில்லை, பக்குவமும் போதவில்லை. அந்த வருத்தத்தைக் கொஞ்சமாவது தீர்த்துக்கொள்ளத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த சில ரப்பர் வியாபாரிகளின் நிலையை ஒன்றாகச் சேர்த்து, எண்களைச் சுலபமாக்கி வைத்திருக்கிறேன். இவர் கட்டிப்பால் வியாபாரி. கோப்பையிலேயே உறைந்து கிடக்கும் ரப்பர் கட்டியைச் சிறுதோட்டக்காரர்களிடம் வாங்கி, சேர்த்து வைத்து, லாரியில் ஏற்றிப் பெரிய ஆலைக்கு அனுப்புகிறார். மாதம் 100 டன். அதாவது 25 வேலை நாளில் நாளுக்கு 4 டன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மரம் வெட்டுகிற குடும்பம் காலையில் கொண்டுவந்து தராசில் வைத்தால் அப்போதே காசு கொடுத்தாக வேண்டும். அந்தக் காசில்தான் அன்றைக்கு அரிசி வாங்குவார்கள். அடுத்த வாரம் வா என்றால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆலை அப்படி இல்லை. சரக்கை எடைபோட்டு, உலர் ரப்பர் அளவைச் சோதித்து, பில்லை ஏற்றுக்கொண்டு 30 நாள் கழித்துப் பணம் அனுப்பும். சரக்கும் லாரி நிறையும்வரை கொட்டகையில் ஒரு வாரம் கிடக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கும் விலை கிலோ 3 வெள்ளி, விற்கும் விலை 3 வெள்ளி 20 காசு. ஆலையிடம் வரவேண்டிய பாக்கி ஒரு மாத விற்பனை, 3,20,000 வெள்ளி. கொட்டகையில் ஒரு வாரச் சரக்கு 25 டன், 75,000 வெள்ளி. வங்கியில் ரொக்கம் 2,25,000. நிம்மதியான நிலைதான்.

ரப்பர் விலை ஏறத் தொடங்குகிறது. நம் ஊரில் இது புதிதல்ல. 2009 தொடக்கத்தில் இருந்த விலை 2011 பிப்ரவரிக்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நம் வியாபாரியின் ஆண்டில் அவ்வளவு இல்லை, 3 வெள்ளியிலிருந்து 5 வெள்ளிக்குப் போகிறது என்று வைப்போம். அவருக்குக் கிலோவுக்கு முதல் ஆறு மாதம் 20 காசு நின்றது, பிற்பாதியில் 25 காசு நின்றது. ஆண்டு முழுக்கச் சரக்கு 1,200 டன். மொத்த லாபம் 2,70,000 வெள்ளி. டீசல், ஆள்கூலி, கொட்டகை வாடகை, வட்டி எல்லாம் சேர்ந்து 1,20,000. லாரித் தேய்மானம் 30,000. வரிக்கு முன் லாபம் 1,20,000 வெள்ளி.

நல்ல ஆண்டு. ஊரில் எல்லாரும் விலை ஏறியதைப் பேசுகிறார்கள். இவரும் பழைய லாரி ஒன்றை 60,000 வெள்ளி ரொக்கத்துக்கு வாங்குகிறார். மகள் படிப்புக்கும் வீட்டுக்கும் 40,000 எடுக்கிறார். முதல் லாரியின் தவணை அசல் 30,000 கட்டுகிறார். இடையில் கொஞ்சம் நெருக்கடி என்று வங்கியில் 50,000 கடனும் வாங்குகிறார். வரி 18,000 கட்டுகிறார். டிசம்பர் 31 அன்று வங்கிக் கணக்கில் 22,000 வெள்ளி மிச்சம். அன்றைய விலையில் ஒரு நாள் கொள்முதலுக்கு வேண்டியது 20,000. நாளைக் காலை தராசுக்கு வரும் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். மறுநாள் வருபவர்களுக்கு என்ன செய்வது?

இனி, லாபத்திலிருந்து தொடங்கி ரொக்கத்துக்கு நடந்து போவோம். அறிக்கை இப்படி இருக்கும்:

தொழில் நடவடிக்கை
வரிக்கு முன் லாபம்: 1,20,000
தேய்மானம், திரும்பக் கூட்டுவது: 30,000
வரவேண்டிய பாக்கி கூடியது: (2,05,000)
சரக்கு மதிப்பு கூடியது: (50,000)
கட்டிய வரி: (18,000)
தொழிலில் வந்த, போன பணம்: (1,23,000)

முதலீட்டு நடவடிக்கை
லாரி வாங்கியது: (60,000)

நிதி நடவடிக்கை
வங்கிக் கடன்: 50,000
தவணை அசல்: (30,000)
உரிமையாளர் எடுத்தது: (40,000)

ஆண்டில் ரொக்கம் குறைந்தது: (2,03,000)
தொடக்க ரொக்கம் 2,25,000, முடிவு ரொக்கம் 22,000.

அடைப்புக்குறிக்குள் இருப்பவை வெளியே போன பணம். தேய்மானத்தை ஏன் கூட்டுகிறோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். லாபத்தைக் கணக்கிடும்போது அதைக் கழித்திருந்தோம், ஆனால் இந்த ஆண்டு அதற்காக யாருக்கும் காசு கொடுக்கவில்லை. கழித்ததைத் திரும்ப வைக்கிறோம், வேறொன்றும் இல்லை. தேய்மானம் பணம் கொண்டுவருகிறது என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பிழை. தேய்மானம் எதையும் கொண்டுவராது.

அடுத்த இரண்டு வரிகளில் கொஞ்ச நேரம் நிற்கலாம். இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்காகத்தான். ஆலையின் பாக்கி 3,20,000-இலிருந்து 5,25,000 ஆகியிருக்கிறது. ஆலை ஏமாற்றவில்லை. தாமதிக்கவும் இல்லை, அதே 30 நாளில்தான் பணம் அனுப்புகிறது. எடையும் அதே 100 டன். விலை மட்டும் ஏறியது. சிறுதோட்டக்காரருக்கு ஏறிய விலையில் இன்று கொடுக்க வேண்டும், ஆலையிடம் ஏறிய விலையில் அடுத்த மாதம் வாங்க வேண்டும். இடையிலுள்ள ஒரு மாதத்தை நிரப்ப அவர் பணம் போய்க் கிடக்கிறது. அதைப் போலவே, கொட்டகையில் கிடக்கும் அதே 25 டன் முன்பு 75,000 வெள்ளியைப் பிடித்து வைத்திருந்தது, இப்போது 1,25,000 வெள்ளியைப் பிடித்து வைத்திருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் 2,55,000 வெள்ளி. ஆண்டு லாபத்தைப் போல் இரு மடங்குக்கு மேல்.

தம்பியோடு பேச்சை நிறுத்தியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. தம்பி எடுக்கவில்லை. பணம் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பில்லாகவும், கொட்டகையில் மணக்கிற ரப்பராகவும் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், ஏனென்றால் நம்மவர் பலர் தடுக்கி விழும் இடம் இது. அடுத்த ஆண்டு விலை 5 வெள்ளியிலிருந்து மீண்டும் 3 வெள்ளிக்கு விழுகிறது என்று வையுங்கள். லாபம் சுருங்கும், கொட்டகைச் சரக்கில் நட்டமும் வரலாம். ஆனால் பழைய உச்ச விலைப் பில்கள் வசூலாகும், புதிய கொள்முதலுக்குக் குறைந்த காசு போதும். உள்ளே மாட்டியிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேலான தொகை திரும்பி வரும். வங்கிக் கணக்கு நிறையும். மோசமான ஆண்டில் கையில் காசு புரளும். இதை நல்ல ஆண்டு என்று எண்ணிப் புதுக் கார் வாங்கியவரை நான் அறிவேன். அவர் செலவழித்தது அடுத்த விலையேற்றத்துக்கு வேண்டிய முதல். அடுத்த ஏற்றம் வந்தபோது அவரால் கொள்முதல் செய்ய முடியவில்லை, பக்கத்துக் கடை தராசு ஆடிக்கொண்டிருந்தது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரி லாபத்தின் மேல் விழுவது, வங்கி இருப்பின் மேல் அல்ல. நிறுவனமாகப் பதிந்தவர்கள் ஆண்டு வரியை முன்கூட்டியே மதிப்பிட்டு மாதத் தவணையாகக் கட்டுகிறார்கள். ஆலை இன்னும் கொடுக்காத பில்லுக்கும் அதில் வரி அடங்கியிருக்கும். நம் வியாபாரிக்கு இது 18,000 வெள்ளிதான். ஆனாலும் மிச்சம் 22,000 என்று நிற்கும்போது 18,000 சின்னத் தொகை இல்லை.

வரவேண்டிய பாக்கி என்றதும் இந்த மண்ணில் செட்டியார்களை நினைக்காமல் இருக்க முடியாது. பேராக்கின் ஊர்களிலெல்லாம் கிட்டங்கி வைத்து, சிறுதோட்டக்காரருக்கும் ஈயச் சுரங்கக்காரருக்கும் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தார்கள். வட்டியை உரிய நாளில் பேரேட்டில் பற்று வைப்பார்கள். பேரேட்டின்படி லாபம் வளரும். 1930-களின் தொடக்கத்தில் உலக மந்தம் வந்து, ரப்பர் விலை ஒரு பவுண்டுக்குச் சில காசு என்ற அளவுக்கு விழுந்தபோது கடன் வாங்கியவரிடம் வட்டி கட்டக் காசு இல்லை. ஈடாக இருந்த தோட்டங்கள் கைக்கு வந்தன. தோட்டம் சொத்துதான், ஆனால் செட்டிநாட்டில் பணம் போட்டவர் திரும்பக் கேட்டால் கொடுக்க அதைச் சாக்கில் கட்டி அனுப்ப முடியாது. நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1931-இலும் 1933-இலும் சட்டங்கள் வந்தன. ஈட்டை விற்றுக் காசாக்கும் வழியும் அதனால் குறுகியது. ஐந்தொகையில் வளமும் பெட்டியில் வறட்சியும் ஒரே நாளில், ஒரே வீட்டில் இருந்தன.

இப்போது தமிழ்நாட்டுக்குப் போகலாம். சுபிக்ஷா என்ற பெயர் சென்னையில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1997-இல் சென்னையில் தொடங்கிய மளிகை, மருந்துக் கடைத் தொடர். நிறுவியவர் ஆர். சுப்பிரமணியன், சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். குளிர்சாதனம் இல்லாத சின்னக் கடை, அச்சிட்ட விலையில் தள்ளுபடி, தெருவுக்குத் தெரு கிளை. பல ஆண்டு தமிழ்நாட்டுக்குள்ளேயே நிதானமாக வளர்ந்தது. பிறகு நாடு முழுக்கப் பாய்ந்தது. 2008-இல் ஏறத்தாழ 1,600 கடைகள்.

முதலில் எனக்கே இது புதிராக இருந்தது. மளிகைக் கடை நம் ரப்பர் வியாபாரிக்கு நேர் எதிர். வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுத்தான் சாமானை எடுத்துப்போவார். சரக்குக் கொடுத்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். சரியாக நடந்தால் அடுத்தவர் பணத்திலேயே கடை ஓடும். கடன் விற்பனையே இல்லாத தொழிலில் காசு எப்படித் தீரும்?

பணப்பாய்வு அறிக்கையின் இரண்டாம், மூன்றாம் பகுதியைப் பார்த்தால் விளங்கும். புதுக் கடை ஒன்று திறக்க முதலில் வாடகை முன்பணம், அடுக்கு, கணினி, பெயர்ப்பலகை, பயிற்சியில் இருக்கும் ஆட்களின் சம்பளம். பிறகு அடுக்கு நிறையச் சரக்கு. கடை தன் காலில் நிற்க மாதங்கள் ஆகும். ஒரு கடை நிற்பதற்குள் அடுத்த பத்துக் கடை திறந்தால் பழைய கடைகள் கொண்டுவரும் பணம் போதாது. மிச்சம் வெளியிலிருந்து வர வேண்டும். அது பங்கு முதலாக வந்தால் திருப்பிக் கேட்காது. வங்கிக் கடனாக வந்தால் நாள் குறித்துக் கேட்கும். சுபிக்ஷாவின் பாய்ச்சலில் பெரும்பகுதி கடனில் நடந்தது. வங்கிகளுக்குத் தர வேண்டியது சுமார் 750 கோடி ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. பங்குச் சந்தைக்குப் போய் முதல் திரட்டும் எண்ணம் தள்ளிக்கொண்டே போயிற்று.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2008-இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவில் 10 விழுக்காட்டுப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செய்தியைப் படித்தவர்கள் நிறுவனத்துக்கு 230 கோடி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். வரவில்லை. அந்தப் பங்கை விற்றது ஏற்கெனவே பங்கு வைத்திருந்த ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர். காசு அவர்களுக்குப் போனது. சுபிக்ஷாவின் நிதி நடவடிக்கைப் பகுதியில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை. நிறுவனத்தின் மதிப்பு ஏறியது, நிறுவனத்தின் பெட்டி அப்படியே இருந்தது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. இந்தியாவிலும் வங்கிகள் கையை இறுக்கின. சில வாரங்களில் சுபிக்ஷாவில் ரொக்கம் தீர்ந்தது. தீர்ந்தது என்று அதன் நிர்வாகியே வெளிப்படையாகச் சொன்னார், மறுபடி தொடங்க 300 கோடி வேண்டும் என்றார். சரக்கு வரவில்லை, அடுக்குகள் காலியாயின. சம்பளம் நின்றது. காவலுக்கு ஆள் இல்லாத கடைகளில் களவு போனது. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டுவிட்டன. மளிகைக் கடையில் காசு நின்றால் சரக்கு நிற்கும், சரக்கு நின்றால் மறுநாளே விற்பனை நிற்கும். அதுவரை மெதுவாக நடந்தது அதற்குப் பிறகு மிக வேகமாக நடந்துவிடும். அதன் கணக்குகள் குறித்துப் பின்னாளில் முதலீட்டாளர்களும் விசாரணை அமைப்புகளும் எழுப்பிய கேள்விகள், வழக்குகள் தனி. ஆகவே அதன் லாப எண்ணை நான் இங்கே ஆதாரமாக எடுக்கவில்லை. பணம் எந்த வழியில் வந்தது, எந்த வழியில் போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பணப்பாய்வு அறிக்கையை யாரும் கேட்காத காலமும் இருந்தது. அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற கடைத் தொடர் 1906-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து 1973 வரை ஆண்டுதோறும் லாபம் காட்டியது. பங்குதாரருக்கு ஈவுத்தொகையும் தவறாமல் கொடுத்தது. 1973-இல் அதன் பங்கு, பங்கின் ஆண்டு லாபத்தைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு விலைக்கு விற்றது. 1975 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டே கடைகளை மூடி, இருந்ததை விற்றார்கள்.

ஜேம்ஸ் லார்கே, கிளைட் ஸ்டிக்னி என்ற இரு பேராசிரியர்கள் 1980-இல் அதன் பழைய கணக்குகளை எடுத்து, நாம் ரப்பர் வியாபாரிக்குச் செய்த அதே கூட்டல் கழித்தலைச் செய்தார்கள். கடைசிப் பத்து ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் தொழில் பணம் கொண்டுவரவில்லை, பணம் தின்றிருக்கிறது. கிராண்ட் தன் வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடனட்டை கொடுத்தது. ஒவ்வொரு கடையும் தானே கடன் கொடுக்கலாம், நீண்ட தவணையில் சிறு சிறு தொகையாகத் திருப்பினால் போதும். விற்ற அன்றே லாபம் எழுதப்பட்டது, பணம் ஆண்டுக்கணக்கில் வந்தது, ஒரு பகுதி வரவே இல்லை. ஈவுத்தொகை வங்கிக் கடனில் போனது. சந்தை லாபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பணப்பாய்வு அறிக்கை கட்டாயமானது 1987-இல் வந்த விதியால். உலகக் கணக்குத் தரம் 1992-இல் திருத்தப்பட்டு 1994 முதல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் இன்று எம்.எஃப்.ஆர்.எஸ். 107 என்று நாம் படிப்பது அதன் வழிவந்தது.

எனவே ஒரு நிறுவனத்தின் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் முதலில் ஐந்து ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து ஆண்டு லாபத்தைக் கூட்டுங்கள். ஐந்து ஆண்டு தொழில் பணத்தையும் கூட்டுங்கள். ஓர் ஆண்டு விலகினால் ரப்பர் விலையைப் போல் ஏதோ ஒரு காரணம் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். ஐந்து ஆண்டும் லாபம் மேலேயும் பணம் கீழேயும் போனால், லாபம் என்று எழுதியது உண்மையில் வசூலாகுமா என்று கேட்க வேண்டிய நேரம் அது. பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள். நம் வியாபாரியின் கணக்கில் அப்படி இல்லை. விற்பனை ஏறிய அளவுக்கே பாக்கி ஏறியது, 30 நாள் 30 நாளாகவே நின்றது. கிராண்ட் கதையில் நாள்கள் நீண்டன. முதலாவது வளர்ச்சியின் பசி. இரண்டாவது நோய். இரண்டும் அறிக்கையில் ஒரே வரியில்தான் விழும், பார்ப்பவர்தான் பிரித்தறிய வேண்டும்.

அறிக்கைக்கும் எல்லை உண்டு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது டிசம்பர் 31 இரவோடு முடிகிற கணக்கு. சரக்குக் கொடுத்தவர்களின் காசோலையை டிசம்பர் 28-இலிருந்து ஜனவரி 3 வரை பிடித்து வைத்தால் தொழில் பணம் அழகாகத் தெரியும். வரவேண்டிய பில்களை ஆண்டு முடிவில் நிதி நிறுவனத்துக்குத் தள்ளுபடியில் விற்றாலும் அப்படித்தான். அதனால் நான் எப்போதும் ஜனவரி மாத வங்கிக் கணக்கையும் சேர்த்துக் கேட்பேன். பிடித்து வைத்த காசோலைகள் அங்கே வந்து விழும். இன்னொன்று, ஆண்டறிக்கை கைக்கு வரும்போது அந்த ஆண்டு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். நம் வியாபாரிக்கு வேண்டியது அடுத்த பன்னிரண்டு வாரத்தின் கணக்கு. ஒரு பள்ளி நோட்டு போதும். வாரத்துக்கு ஒரு பக்கம். ஆலையிலிருந்து எந்த வாரம் எவ்வளவு வரும், தராசில் எவ்வளவு போகும், தவணை நாள் எப்போது, வரித் தவணை எப்போது. விலை ஐம்பது காசு ஏறினால் ஒவ்வொரு பக்கமும் எப்படி மாறும் என்று பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும்.

அவரை 22,000 வெள்ளியோடு விட்டுவிட்டு வந்தோம். அவர் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

வங்கிக்குப் போனார். கூடுதல் ஓவர்டிராஃப்ட் கேட்டார். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, ஆனால் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்றார்கள். வீட்டை வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. பிறகு ஆலையின் கொள்முதல் அதிகாரியிடம் போய், 30 நாளுக்குப் பதிலாக 15 நாளில் பணம் தர முடியுமா, கிலோவுக்கு 2 காசு குறைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். எல்லா லோடுக்கும் அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 24,000 வெள்ளி லாபம் குறையும். பதிலுக்கு ஆலையில் மாட்டியிருக்கும் 5,25,000-இல் பாதி, சுமார் 2,63,000 வெள்ளி, கைக்கு வரும். வட்டிக் கணக்கில் போட்டால் 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வங்கியைவிட ஒரு விழுக்காடு கூடுதல், ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

நான் அவரோடு உட்கார்ந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். விலை இதற்கு மேல் ஏறாவிட்டால் அவருக்கு அவ்வளவும் தேவைப்படவில்லை. பாதி லோடுக்கு மட்டும் 15 நாள் கேட்டால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி செலவு, கையில் 1,30,000-க்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஆறு நாள் கொள்முதலுக்கு மேல் அது தாங்கும், அதற்குள் அடுத்த லாரிப் பணம் வந்துவிடும். கொட்டகையில் சரக்கு ஒரு வாரம் கிடப்பதையும் நான்கு நாளாக்க முடியும் என்றார், இரண்டாவது லாரி இப்போது இருக்கிறதே. அந்த லாரியைக் கடனில் வாங்கியிருந்தால் 60,000 கையிலேயே இருந்திருக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் அதற்குள் அந்த எண்ணை நோட்டில் வட்டமிட்டிருந்தார். ஆலை பாதி லோடுக்கு ஒப்புக்கொண்டது. அவர் தராசு அந்த வாரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.